பலகையருகே உட்கார்ந்தவர்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் எழுதிய ‘வெள்ளைக் கொடி’ என்னும் சிறுகதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வெற்றி பெற்றவர்களை மட்டுமே ஏறிட்டுப் பார்க்கும் சேவியர் மாஸ்டர், மாவட்ட அளவிலான நீளம் தாண்டுதல் போட்டியில் நான்காவதாக வந்த கலா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுவதைக் கண்டு மனம் மாறுகிறார். மறுநாள் முதல் அவளுடைய சின்னச் சின்ன முன்னேற்றங்களைப் பாராட்டுகிறார். முடிவில் அவள் மாநிலப் போட்டியில் வெல்கிறாள். முடிவு சினிமாத்தனமாக இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். அவளைத் தோற்கவைத்துவிடலாமா? உரையாடல்களில் வட்டார வழக்கு மிகுந்துவிட்டதா என்றும், சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு இதை அனுப்பலாமா என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
சரவணன்

அன்புள்ள சரவணன்,

வட்டார வழக்கு உறுத்தவில்லை, இருக்கட்டும். போட்டிக்கு அனுப்புவது உங்கள் விருப்பம். நடுவர்களின் மனத்தைக் கணித்துச் சொல்லும் தொழிலை நான் செய்வதில்லை. முடிவைப் பற்றிப் பிறகு பேசுவோம், ஏனென்றால் உங்கள் கதையின் நோய் முடிவில் இல்லை. அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

ஒரு பெண் அழுகிறாள், ஒரு முரட்டு மனிதர் அதைப் பார்க்கிறார், அவருக்குள் ஏதோ உடைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவரும் ஒரு மனிதர் அதுவரை எந்தப் பிள்ளையும் அழுது பார்த்ததில்லையா? மைதானத்தில் அழுகை அன்றாடம் நடப்பது. கண்ணீரைக் கண்டு மாறக்கூடியவராக இருந்திருந்தால் அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மாறியிருப்பார். உங்களுக்கு நல்ல மொழி இருக்கிறது, மைதானத்துப் புழுதியின் வாசனை தெரிந்திருக்கிறது, கலா தன் காலணியின் நாடாவுக்குப் பதிலாகச் சணலைக் கட்டிக்கொண்டு வரும் இடத்தைப் படித்தபோது சற்று நேரம் நிறுத்திவிட்டேன். இவ்வளவும் கைவந்த ஒருவர் கதையின் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணீர்த்துளியை வைத்துவிட்டுப் போவது சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. சேவியர் மாஸ்டர் ஏன் இத்தனை காலமும் பாராட்டாமல் இருந்தார்? கல்நெஞ்சக்காரர் என்று நீங்கள் முடிவுகட்டிவிட்டீர்கள். நான் காலைநடை போகும் மைதானத்தில் இப்படிப்பட்ட பயிற்சியாளர்கள் சிலரைச் சில மாதங்களாகக் கவனித்துவருகிறேன். அவர்களில் ஒருவர் தம் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கிறார். அதே வாயால் அவர்களைத் திட்டவும் செய்கிறார். “பாராட்டினால் அடுத்த தாண்டல் கெட்டுப்போகும் சார், திட்டினால் சரியாகிவிடும், இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்” என்று அவர் என்னிடம் சொன்னபோது அதில் பொய்யில்லை. அவர் உண்மையாகவே பார்த்திருக்கிறார். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

பின்னாளில், 2002ஆம் ஆண்டில், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், இளம் ஆய்வாளராக இருந்தபோது இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தார். தண்டனையைவிடப் பாராட்டே நன்றாகக் கற்றுத்தரும் என்று அவர் சொல்லவும், மூத்த பயிற்றுநர் ஒருவர் எழுந்து மறுத்தார். வானில் நன்றாகச் சுழன்று காட்டிய மாணவனைப் பாராட்டினால் அவன் அடுத்த முறை சொதப்புகிறான் என்றும், மோசமாகச் செய்தவனைக் கத்தித் தீர்த்தால் அடுத்த முறை தேறிவிடுகிறான் என்றும் அவர் சொன்னார். அவர் கண்டது சரி, அதற்குக் கற்பித்த காரணம் தவறு என்பது கானமனுக்கு உடனே விளங்கியது. தரையில் ஓர் இலக்கை வரைந்து, ஒவ்வொரு பயிற்றுநரும் அதற்கு முதுகைக் காட்டி நின்று இரண்டு நாணயங்களை எறியும்படி செய்தார். முதல் எறி இலக்கை நெருங்கியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது எறி விலகிப்போயிற்று. முதல் எறி வெகுதூரம் விலகியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது எறி நெருங்கி வந்தது. அங்கே யாரும் யாரையும் பாராட்டவுமில்லை, திட்டவுமில்லை.

இதைக் கலாவின் மணற்குழிக்குக் கொண்டுவாருங்கள். அவள் ஒரு காலைப்பொழுதில் தாண்டும் தாண்டல்கள் நாலரை மீட்டரை ஒட்டியும் ஐந்து மீட்டரை நெருங்கியும் மாறிமாறி விழும். காற்று, தூக்கம், ஓடிவரும்போது ஓர் அடி கூடுதலாக நீண்டது என்று அதற்கு எத்தனையோ காரணங்கள். மிக மோசமான ஒரு தாண்டலுக்கு அடுத்து வருவது, மாஸ்டர் கத்தினாலும் கத்தாவிட்டாலும், அநேகமாக அவளுடைய வழக்கமான அளவை நோக்கித்தான் திரும்பும். மிக நல்ல தாண்டலுக்கு அடுத்ததும் அவ்வாறே கீழே இறங்கும். மாஸ்டர் கத்தியதெல்லாம் மோசமான தாண்டலுக்குப் பிறகு, அபூர்வமாகப் பாராட்டியதெல்லாம் மிக நல்ல தாண்டலுக்குப் பிறகு. எனவே வசவுக்குப் பலன் கிடைப்பதையும் பாராட்டு வீணாவதையும் அவர் ஆயிரக்கணக்கான முறை கண்ணெதிரே கண்டுவிட்டார். இப்படியொரு சாட்சியம் கையில் இருக்கும் மனிதரை அழுகை அசைக்காது. அவருடைய அனுபவத்தை இன்னொரு அனுபவம்தான் அசைக்க முடியும். அந்த இன்னொன்று எதுவென்று கண்டுபிடிப்பதுதான் கதை எழுதுபவனின் வேலை.

எங்கள் பள்ளியில் இருந்த பி.டி. மாஸ்டருக்கு அது தொண்டைப்புண்ணாக வந்தது. நான் தாண்டுகிறவன் இல்லை. கால் ஊனமில்லை, துணிச்சல்தான் இல்லை. என் கையெழுத்து நன்றாக இருந்ததால் அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிப்பதும் நோட்டில் அளவு எழுதுவதும் என் வேலை. மாஸ்டர் மணற்குழியின் ஓரத்தில், பிள்ளைகள் வந்து விழும் இடத்துக்கு நேராக நின்று, விழுந்தவன் எழுவதற்கு முன்பே கத்தத் தொடங்குவார். ஒரு மழைக்காலத்தில் அவருக்குத் தொண்டை வீங்கி, சில வாரங்களுக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்த முடியாத மனிதருக்குக் குழியோரத்தில் என்ன வேலை? அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் உந்தி எழும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே கால் விழுகிறது என்பதை விரலால் தரையில் தொட்டுக் காட்டுவார், நான் அதையும் அளந்து எழுத வேண்டும். நோட்டில் முதல்முறையாக ஒரு தாண்டலுக்கு இரண்டு அளவுகள் ஏறின.

அந்த இரண்டாவது அளவு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், உங்கள் கதையில் அது இல்லவே இல்லை. நீளம் தாண்டுதலில் நடுவர் அளப்பது, மணலில் விழுந்த தடங்களில் பலகைக்கு மிக அருகில் உள்ளதிலிருந்து பலகையின் குழிப்பக்கத்து விளிம்புவரை. பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். பெருவிரல் அந்த விளிம்பைத் தாண்டினால் சிவப்புக் கொடி. விளிம்புக்கு முன்னாலேயே கால் ஊன்றி எழுந்துவிட்டால் கொடி வெள்ளைதான், ஆனால் விட்டுப்போன தூரம் கணக்கில் சேராது. அதாவது ஒரு பிள்ளை உண்மையில் காற்றில் கடந்த தூரம் ஒன்று, அவள் பேருக்கு நேரே எழுதப்படும் தூரம் வேறொன்று. போட்டிக்கு இரண்டாவது போதும். கற்றுக்கொடுப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

உங்கள் கலாவுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். மாவட்டப் போட்டியில் அவள் 4.62 மீட்டர் தாண்டி நான்காவதாக வருகிறாள். அந்தத் தாண்டலில் அவளுடைய பெருவிரல் விளிம்புக்கு 24 சென்டிமீட்டர் முன்னால் இருந்தது என்று வைத்துக்கொண்டால் அவள் உண்மையில் கடந்தது 4.86. இரண்டு வாரம் கழித்துப் பயிற்சியில் 4.71 தாண்டுகிறாள், கால் விளிம்புக்கு 9 சென்டிமீட்டர் முன்னால். உங்கள் கதையின் மாஸ்டர் இந்த இடத்தில் “ஒன்பது சென்டிமீட்டர் கூட்டிவிட்டாயே!” என்று முதுகில் தட்டிக்கொடுப்பார், நீங்களும் கண்கலங்குவீர்கள். ஆனால் அவள் உண்மையில் கடந்தது 4.80. தாண்டும் சக்தியில் 6 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. பலகையை நெருங்குவதில் 15 சென்டிமீட்டர் தேறியிருக்கிறது. எதைப் பாராட்டுவது?

பலகையை நெருங்கியதைத்தான் என்று சொல்லத் தோன்றும். எங்கள் மாஸ்டரும் அதைத்தான் செய்தார். பேச முடியாததால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். விளைவு என்ன ஆயிற்று என்றால், அந்தக் கட்டைவிரலுக்காகப் பையன்கள் பலகையைப் பார்த்துக்கொண்டே ஓடிவரத் தொடங்கினார்கள். தலை குனிந்தது, கடைசி மூன்று நான்கு அடிகள் கோழி நடைபோலக் குறுகின, வேகம் செத்தது. கால் பலகையில் அழகாக விழுந்தது, தாண்டல் மட்டும் இல்லை. கலாவின் அந்த 6 சென்டிமீட்டர் குறைவுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பாராட்டு எதன்மேல் விழுகிறதோ பிள்ளை அதை மட்டும் வளர்த்துக்கொடுக்கும். வசவு தவறான இடத்தில் விழுந்தால் பிள்ளை அதை மறந்துவிடக்கூடும், பாராட்டு தவறான இடத்தில் விழுந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். உங்கள் கதையில் பாராட்டத் தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் நேராகிவிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. இருபது வருடம் திட்டிப் பழகியவருக்குப் பாராட்டு முதல் நாளே கைவந்துவிடுமா? அதுவும் ஒரு வித்தை. முதலில் தப்பாகத்தான் வரும்.

பலகையில் தெரியும் பிழை பலகையில் பிறப்பதில்லை. 1982இல் வெளியான ஓர் ஆய்வில் டேவிட் லீயும் அவருடன் ஆய்வுசெய்தவர்களும் நீளம் தாண்டும் வீராங்கனைகளின் காலடிகளைப் படமெடுத்து அளந்தார்கள். ஓட்டம் நெடுகிலும் காலடிகள் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக விலகி, அந்த விலகல் சேர்ந்துகொண்டே வருகிறது. கடைசிச் சில அடிகளில் கண் பலகையைக் கணித்து, கால் அந்த விலகலைத் திருத்திக்கொள்கிறது. தேர்ந்தவர்கள் இதை வேகம் குறையாமல் செய்கிறார்கள். ஆனால் சேர்ந்துவந்த விலகல் பெரிதாக இருந்தால் திருத்தமும் பெரிதாக இருந்தாக வேண்டும், பயிற்சி போதாத பிள்ளை அந்த நேரத்தில் அடியை வெட்டும் அல்லது எட்டிப்போட்டு விழும். ஆகவே விலகலைக் குறைக்க வேண்டிய இடம் ஓட்டத்தின் தொடக்கம். முதல் அடி எடுப்பதற்கு முன் ஒரு முறை குதித்துக்கொள்வது, ஒரு நாள் வலது காலிலும் மறுநாள் இடது காலிலும் கிளம்புவது, தொடங்கும் வேகத்தை மனம்போல மாற்றுவது ஆகியவையெல்லாம் பதினான்காவது அடியில் வந்து வெடிக்கின்றன.

வாளிமேல் உட்கார்ந்திருந்தவர் இதை எந்த ஆய்விலும் படிக்கவில்லை. சில நாள் நோட்டைப் புரட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் தொடங்கும் பக்கமாகப் போனார். நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு கோடு போட்டார். அதன்பிறகு கட்டைவிரல் உயர்ந்ததெல்லாம் அந்தக் கோட்டுக்கு மட்டுமே. குழியில் யார் எங்கே விழுந்தாலும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. நன்றாகத் தாண்டியவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே ஆவலோடு பார்ப்பான், மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால் கோட்டில் விழுந்து, பலகையில் ஃபவுலாகிப் போனவனுக்குக் கட்டைவிரல் கிடைக்கும். இது அநியாயம் என்று வெற்றிகளுக்குப் பழகிய பெரிய வகுப்புப் பையன் ஒருவன் கோபித்துக்கொண்டு சில நாள் வராமலேயே இருந்தான். இதெல்லாம் உங்கள் கதைக்குள் வர வேண்டிய சங்கடங்கள். வெற்றியைப் பாராட்டுவது நின்றுபோனால் வென்றுவந்தவனுக்கு அது இழப்பில்லையா? கலாவைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவளைத் தோற்கடித்த மூன்று பெண்களில் ஒருத்தி அதே மாஸ்டரின் மாணவியாக இருந்தால் கதை எப்படி நிமிர்ந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்னேற்றம் நிஜமா, தற்செயலா என்று அறியாமல் பாராட்டுவது இஸ்ரேல் பயிற்றுநரின் பிழையையே தலைகீழாகச் செய்வதாகும். ஒரு தாண்டல் நன்றாக விழுந்ததற்குப் பாராட்டினால் காற்றைப் பாராட்டியதாகவும் இருக்கலாம். அதற்கு நோட்டு வேண்டும். கலாவின் பெருவிரல் ஒரு காலையில் ஆறு முறை எங்கெங்கே விழுந்தது என்று எழுதிவைத்தால், தொடக்கத்தில் விளிம்புக்கு 31 சென்டிமீட்டர் முன்னாலிருந்து விளிம்பைத் தாண்டி 11 சென்டிமீட்டர்வரை, மொத்தம் 42 சென்டிமீட்டர் இடைவெளியில் சிதறியிருக்கும். சில வாரங்கள் கழித்து அதே ஆறு முறையும் 15 சென்டிமீட்டர் முன்னாலிருந்து 3 சென்டிமீட்டர் தாண்டியதுவரை, 18 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டால், அது ஒரு நாளின் அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அது அடுத்தடுத்த காலைகளிலும் நீடித்து, உண்மையில் கடந்த தூரமும் குறையாமல் இருந்தால், அதைப் பாராட்டலாம். அந்த ஆறில் ஒன்று சிவப்புக் கொடியாகவே இருக்கும், பரவாயில்லை. அந்த ஃபவுலையும் சேர்த்துத்தான் பாராட்டு. மைதானத்தில் காலையெல்லாம் “சூப்பர், சூப்பர்” என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்களும் உண்டு, பிள்ளைகள் அவர்களை வானொலியைப்போலக் கேட்டுக்கொண்டு தம் வேலையைப் பார்க்கிறார்கள். நோட்டைத் திறந்து, “போன மாதம் இவ்வளவு சிதறியது, இந்த மாதம் இவ்வளவுதான்” என்று ஒருவர் காட்டும்போது பிள்ளை வாயைத் திறக்காமல் கேட்கும்.

குரல் திரும்பிய பிறகு எங்கள் மாஸ்டர் திட்டுவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவரையும் நீங்கள் தெய்வமாக்கிவிடுவீர்கள். தாமதமாக வந்தவனைத் திட்டினார், மணலைக் கிளறாமல் தாண்டியவனைத் திட்டினார், அளவுநாடாவைத் தொய்வாகப் பிடித்த என்னையும் திட்டினார். மோசமாகத் தாண்டியதற்கு மட்டும் திட்டுவதை விட்டுவிட்டார். ஏனென்று யாரிடமும் விளக்கவில்லை. தாம் கத்தாத வாரங்களிலும் மோசமான தாண்டலுக்கு அடுத்த தாண்டல் தானாகவே தேறிக்கொண்டிருந்ததை அந்த நோட்டில் அவர் பார்த்திருக்கக்கூடும் என்பது என் ஊகம். அவர் உள்ளம் உருகி அழுததை நான் பார்க்கவில்லை.

இனி உங்கள் முடிவு. கலா வெல்வதா தோற்பதா என்று என்னைக் கேட்கிறீர்கள். அஞ்சு பாபி ஜார்ஜ் 2003ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார், நாடே கொண்டாடியது. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 தாண்டினார். அது தேசியச் சாதனை, பாரிஸில் பதக்கம் பெற்றுத்தந்த தாண்டலைவிட 13 சென்டிமீட்டர் அதிகம். பதக்கம் இல்லை. அன்று ஆறாம் இடம், அமெரிக்க வீராங்கனை மேரியன் ஜோன்ஸின் முடிவு பின்னர் நீக்கப்பட்டதால் ஐந்தாம் இடமாயிற்று. அந்த இரண்டு போட்டிகளுக்கு நடுவே அவருடைய பயிற்சியாளரான கணவரின் நோட்டில் என்னென்ன எழுதப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெற்றியா தோல்வியா என்பதை மற்றவர்கள் அன்று எப்படித் தாண்டினார்கள் என்பதும் சேர்ந்து முடிவுசெய்கிறது. உங்கள் கதையோ ஒரு மாஸ்டரின் கண்ணைப் பற்றியது. மாநிலப் போட்டி அதற்குள் எதற்கு? அந்தக் கடைசி ஒன்றரைப் பக்கத்தை வெட்டிவிடுங்கள், தண்ணீர்த் தொட்டியையும் இடித்துவிடுங்கள்.

இடித்த இடத்தில் எதைக் கட்டுவது என்பதற்கு என்னுடைய தொண்டைப்புண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது எங்கள் மாஸ்டருடையது. உங்கள் சேவியருக்கு வேறொன்றைக் கண்டுபிடியுங்கள். அதற்குமுன் உங்கள் ஊர் மைதானத்துக்குப் போய், பயிற்சியாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு வாரமாவது பலகைக்குப் பக்கத்தில் குந்தி உட்காருங்கள். பலகைக்கு முன்னால் உள்ள தரையில் சிறிது மணலைத் தூவிச் சமப்படுத்தி வைத்தால் பெருவிரல் பதிந்த இடம் தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் மறுபடி சமப்படுத்திவிட வேண்டும். ஓடிவரும் பிள்ளையின் கண்ணில் படாதவாறு ஓரமாக உட்காருங்கள், இல்லாவிட்டால் அவர்கள் உங்களைப் பார்த்து அடியை வெட்டுவார்கள். ஒரே பிள்ளையை எடுத்துக்கொண்டு, அவளுடைய இரண்டு அளவுகளையும் தேதியிட்டு எழுதுங்கள். கதையைத் திருத்தி அனுப்பும்போது அந்த நோட்டின் பக்கங்களையும் சேர்த்து அனுப்பினால் முதலில் அதைத்தான் படிப்பேன்.

அன்புடன்.